பிள்ளையின் குரலை அமுக்கிவிட்டு சினிமாப் பாட்டு எதற்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. உங்களில் பலர் இப்போது கைக்குழந்தைக்காரர்கள். சிலருக்கு அடுத்த மாதமே பிள்ளையின் முதல் பிறந்த நாள் வருகிறது. அழைப்பிதழ் வாட்சப்பில் வந்துவிட்டது, சந்தோஷம். மண்டபத்தில் "மாதம் ஒன்று முதல் பன்னிரண்டு வரை" என்று ஒரு படம் ஓடப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தச் சண்டை.

கடந்த இரண்டு மூன்று வருடங்களில் இப்படி ஒரு பத்துப் பதினைந்து படமாவது பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே படம்தான், பிள்ளை மட்டும் வேறு. முதலில் ஒரு பலூன் பறக்கும். பிறகு "1" என்று எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் பிள்ளை படுத்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் "2" அட்டை, அப்புறம் "3" அட்டை. ஒரு போட்டோ ஒன்றரை நொடிகூட நிற்காது. அது சுழலும், உடையும், இதயமாக மாறும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். நடுவில் நான்கைந்து வீடியோத் துண்டுகளும் வரும். பிள்ளை வாயைத் திறந்து ஏதோ சொல்வது தெரியும், என்ன சொல்கிறது என்பது மட்டும் கேட்காது. அதன் குரலை முழுவதும் அணைத்துவிட்டு மேலே பாட்டைப் போட்டிருப்பார்கள்.

நான் சொல்வது இதுதான்: ஒரு வயதுப் பிள்ளையின் படத்தில் அந்தப் பிள்ளையின் குரல் இல்லையென்றால் அது அந்தப் பிள்ளையின் படமே இல்லை. பாட்டுக்கு ஒட்டிய போஸ்டர்.

ஏன் குரலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நாலாம் மாதப் போட்டோவையும் ஐந்தாம் மாதப் போட்டோவையும் அட்டையை மறைத்துவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெற்ற தாய்க்கே எது முந்தி என்று சட்டென்று சொல்ல வராது. ஆனால் காதால் கேட்டால் குழப்பம் குறைவு. பிறந்த புதிதில் அழுகை மட்டும்தான். இரண்டு மாதம் வாக்கில் நம் ஆச்சிமார் "ங்கா சொல்லுது" என்பார்களே, அந்தத் தொண்டைச் சத்தம் வரும். நாலு மாதம் வாக்கில் வாய்விட்டுச் சிரிக்கும். ஆறிலிருந்து ஒன்பதுக்குள் "பப்பப்பா", "மம்மம்மா", "தத்தத்தா" என்று ஒரே எழுத்தை அடுக்கிக்கொண்டே போகும். ஒரு வயதை ஒட்டி ஒன்றோ இரண்டோ சொல், அர்த்தத்தோடு வரும். ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் முந்தும், இன்னொன்றுக்குப் பிந்தும், அது இயற்கை. ஆனால் ஏணியின் படிகள் இவைதாம். மாதம் மாதமாக வளர்ச்சியைக் காட்டுவதுதான் படத்தின் நோக்கம் என்று சொல்லிவிட்டு, அந்த வளர்ச்சி மிகத் தெளிவாகத் தெரிகிற இடத்தையே அணைத்துப் போடுவது என்ன நியாயம்?

பிள்ளையின் குரல் மட்டுமல்ல. அந்தத் துண்டுக்குள் வீடும் இருக்கிறது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய், தாத்தா இருமுவது, "ஏ, யாரு பாரு, யாரு வந்திருக்கா பாரு" என்று ஆச்சி கொஞ்சுவது எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு இருபது வயதாகும்போது அந்த வீடு அதே வீடாக இருக்காது. அந்தக் குரல்களில் சில இருக்காது.

நம் உறவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம். பிள்ளைக்குப் பத்து மாதம் நடக்கும்போது பூட்டி தவறிப்போனார். அந்தப் பிள்ளையை மடியில் போட்டுப் பூட்டி தாலாட்டுப் பாடிய வீடியோ ஒன்றே ஒன்றுதான், பதினாலு நொடி. அதையும் மற்ற எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு ஒரு வீடியோக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் பணம் வாங்கிக்கொண்டு படம் செய்து கொடுத்தார். மண்டபத்தில் ஓடியது. பூட்டியின் வாய் அசைகிறது, சத்தம் சினிமாப் பாட்டு! முன்வரிசையில் இருந்த பூட்டியின் மகள் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு தேடினால், எடுத்த போனை மாற்றியாகிவிட்டது, பென்டிரைவில் வேறு எதையோ பதிந்தாகிவிட்டது. கடைசியில் பிள்ளையின் சித்தி போனில், பழைய வாட்சப் செய்திகளுக்கு நடுவில் அந்தத் துண்டு கிடைத்தது. படம் மங்கல்தான். குரல் நன்றாகவே இருந்தது. இன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பதினாலு நொடியைத்தான். காசு கொடுத்துச் செய்த படத்தை யாரும் மறுபடி போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"சார், போட்டோவுக்குச் சத்தம் ஏது? பாட்டு இல்லாவிட்டால் போட்டோ வரும்போதெல்லாம் படம் ஊமையாகிவிடுமே" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பாட்டு போடுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பயத்தில்தான் போடுகிறார்கள். இதற்கு வழி மிக எளிது: ஒரு வீடியோவின் சத்தத்தை, அதன் பக்கத்தில் வருகிற போட்டோக்களின் அடியிலும் ஓடவிடுங்கள். வீடியோவின் படம் முடிந்துவிடும், சத்தம் முடியாது, அதன்மேல் போட்டோ நிற்கும். சினிமாவில் காலம் காலமாகச் செய்வதுதான். இன்ஷாட், கைன்மாஸ்டர் மாதிரி போனில் வெட்டி ஒட்டும் செயலிகள் பெரும்பாலானவற்றில் வீடியோவிலிருந்து சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுக்க ஒரு பொத்தான் இருக்கும். பிரித்ததும் படம் மேல் வரிசையிலும் சத்தம் கீழ் வரிசையிலும் நிற்கும். மேலே இருக்கிற படத்தை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் போட்டோக்களை வையுங்கள். கீழ் வரிசையைத் தொடாதீர்கள்.

கணக்கு வாத்தியார் இல்லையா, ஒரு மாதத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். என் பேத்தியின் படத்தில் ஏழாம் மாதம் இது. அந்த மாதம் எடுத்தது நூற்றுச் சொச்சம் போட்டோ, பதினோரு வீடியோ. அதில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு வீடியோவும் ஐந்து போட்டோவும்தான்.

முதல் வீடியோ 11 நொடி. பாயில் உட்கார்ந்து கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறாள். அதில் 5 நொடிக்குப் படம் காட்டினேன். மிச்சம் 6 நொடிச் சத்தம் இருக்கிறது. அதன்மேல் இரண்டு போட்டோ, ஆளுக்கு 3 நொடி: ஒன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது, இன்னொன்று முகமெல்லாம் கேழ்வரகுக் கூழ். டம்ளர்ச் சத்தம் மட்டும் பின்னால் "டங் டங்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் வீடியோ 22 நொடி. அவள் "பப்பப்பா" என்கிறாள், என் மனைவி "ஆமா, அப்புறம்?" என்கிறாள், அவள் மறுபடி "பப்பப்பப்பா" என்கிறாள். இதில் முதல் 10 நொடியை வெட்டாமல் அப்படியே விட்டேன். பேச்சென்றால் கேள்வியும் வேண்டும், பதிலும் வேண்டும். மிச்சம் 12 நொடிச் சத்தத்தின் மேல் மூன்று போட்டோ, ஆளுக்கு 4 நொடி. ஆச்சியும் பேத்தியும் பேசிக்கொண்டே இருக்க, மேலே அந்த மாதத்துப் படங்கள் மெதுவாக மாறுகின்றன.

11-ம் 22-ம் 33 நொடி. பன்னிரண்டு மாதத்துக்கும் இதே அளவு என்றால் 396 நொடி, அதாவது 6 நிமிடம் 36 நொடி. இதில் ஒரு நொடிகூட ஊமை இல்லை. ஒரு சினிமாப் பாட்டும் இல்லை.

வெட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சத்தத்தை நடுவில் கத்தரித்தால் "டக்" என்று காதில் விழும். பிள்ளை மூச்சு விடுகிற இடத்திலோ பேச்சு ஓய்கிற இடத்திலோ வெட்டுங்கள். முடிவில் அரை நொடியாவது சத்தம் மெதுவாகத் தேயட்டும். அழுகைச் சத்தம் பெரிதாகவும் மழலை சன்னமாகவும் பதிந்திருக்கும். அழுகையைக் குறைத்து மழலையைக் கொஞ்சம் கூட்டி, எல்லாம் முடிந்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முழுப் படத்தையும் கேளுங்கள். எங்கே தூக்கிவாரிப் போடுகிறதோ அங்கே சரிசெய்யுங்கள். பார்க்காமல் கேட்டே மாதம் நகர்வது புரிந்தால் படம் தேறிவிட்டது.

"எங்களிடம் நல்ல சத்தத்தோடு வீடியோவே இல்லையே" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஐபோனில் லைவ் போட்டோ என்று ஒன்று இருக்கிறது. அதை அணைத்து வைக்கவில்லையென்றால், பொத்தானை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி முந்தியும் ஒன்றரை நொடி பிந்தியும் அது சத்தத்தோடு பதிந்து வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் மோஷன் போட்டோ என்று இதே வசதி உண்டு. வெறும் போட்டோ என்று நீங்கள் நினைப்பதில் மூன்று நொடிச் சிரிப்பு ஒளிந்திருக்கலாம். எடுத்த போனிலேயே திறந்து, விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

இனி எடுக்கப்போகிறவர்கள் பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் போனைப் பிடியுங்கள். போனின் அடிப்பக்கத்து ஓட்டையை விரலால் மூடாதீர்கள், மைக் பெரும்பாலும் அங்கேதான். மின்விசிறிக்கு நேர் கீழே எடுத்தால் காற்றுச் சத்தம்தான் பதியும், இருபது நொடிக்கு அதைக் குறையுங்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, போனைப் பிடித்திருப்பவர் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். "இங்க பாரு! சிரி! சிரி!" என்று கத்துகிறவர்தான் மைக்குக்கு மிக அருகில் இருக்கிறார். பிள்ளை என்ன சொன்னாலும் அந்தக் கத்தலில் அமுங்கிப்போகும்.

அடுத்த சண்டை மாத வரிசை பற்றி. மாதவாரிப் படம் என்று பேர் வைத்துவிட்டு மாதத்தையே மாற்றிப் போடுகிறார்கள். ஒரு படத்தில் எட்டாம் மாதம் மொட்டை போட்ட பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் நெற்றி மறைக்க முடி. ஒரே மாதத்தில் என்ன எண்ணெய் தேய்த்தார்களோ! இன்னொன்றில் முளைத்த பல் அடுத்த மாதம் காணாமல் போயிற்று. வந்தவர்கள் சிரிக்கிறார்கள், பெற்றவர்களுக்கு எப்படி நடந்தது என்றே தெரியவில்லை.

எப்படி நடந்தது என்று நான் சொல்கிறேன். போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். அதை வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோவும் சிறுத்துவிடும், அந்தக் குறிப்பும் உதிர்ந்துவிடும். வந்து சேரும் இடத்தில் புதுப் பெயர் வைக்கும், இப்படி:

```
IMG-20240115-WA0003.jpg
VID-20240115-WA0007.mp4
```

இதில் 20240115 என்பது 2024 ஜனவரி 15. அது எடுத்த நாள் அல்ல, வாட்சப் வழியே வந்த நாள். நவம்பரில் எடுத்ததை மாமா ஜனவரியில் அனுப்பினால் அது ஜனவரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரில் WA என்று பார்த்தாலே சந்தேகப்படுங்கள். உறவினர்களிடம் கேட்டு வாங்கும்போது, "போட்டோவாக அனுப்பாதீங்க, டாக்குமென்டாக அனுப்புங்க" என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும், தேதியும் தப்பாது. ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்கு எடுத்தவரிடமே நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் நினைவில்லையென்றால் முடி, பல், உட்காரும் விதம், கழுத்துச் சங்கிலி இவற்றைச் சரியான தேதியுள்ள போட்டோக்களோடு ஒப்பிட்டு வையுங்கள். அதற்கும் பிடிபடவில்லையா, அந்தப் போட்டோவை விட்டுவிடுங்கள். நல்ல போட்டோ தப்பான மாதத்தில் நிற்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

இதோடு ஒரு சின்னக் கணக்கு. பிள்ளை ஆகஸ்ட் 14-ல் பிறந்தது என்றால் முதல் மாதம் ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 13 வரை. "1" அட்டையை வைத்துப் போட்டோ எடுப்பதோ செப்டம்பர் 14 அன்று, ஒரு மாதம் நிறைந்தபிறகு. ஆகவே அட்டைப் போட்டோ அந்த மாதத்தின் கடைசியில் வரவேண்டும், தொடக்கத்தில் அல்ல. தொடக்கத்தில் வைத்தால், பிறந்த முதல் முப்பது நாளுக்குப் படத்தில் இடமே இருக்காது. பெரும்பாலான படங்களில் ஆஸ்பத்திரிப் போட்டோ ஒன்று வந்து ஓடிப்போவது இதனால்தான். 01 முதல் 12 வரை பன்னிரண்டு ஃபோல்டர் போட்டு, இந்தக் கணக்குப்படி முதலில் எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள். அதற்குப் பிறகு வெட்டத் தொடங்குங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் காது கொடுக்கிறேன். "மண்டபத்தில் முந்நூறு பேர், ஒரே இரைச்சல், அங்கே மழலை யாருக்குக் கேட்கும்? பாட்டுப் போட்டால்தான் திரும்பியாவது பார்ப்பார்கள்" என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அப்படியானால் மண்டபத்துக்கு என்று ஒன்றரை நிமிடத்தில் தனியாக ஒன்று செய்யுங்கள். பாட்டுப் போடுங்கள், பலூன் விடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் முதலில் செய்யவேண்டியது வீட்டுக்கான படம். அதிலிருந்து வெட்டி மண்டபத்துக்கான படத்தை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். மண்டபத்துப் படத்திலிருந்து வீட்டுப் படத்தைச் செய்யவே முடியாது. குரலை அழித்து வெளியெடுத்த கோப்பிலிருந்து அது திரும்ப வராது. இன்னொன்று, சினிமாப் பாட்டோடு இந்த முகநூலில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை என்று சத்தத்தையே முடக்கிவிடுவதும் உண்டு. பிள்ளை குரலும் போய், பாட்டும் போய், கடைசியில் ஊமைப்படம்தான் மிச்சம். பிள்ளையின் மழலைக்கு எந்தக் கம்பெனியும் உரிமை கேட்டு வராது.

"ஆறரை நிமிடம் யார் பார்ப்பார்கள்" என்று கேட்பவர்களுக்கு: அந்தப் படம் முந்நூறு பேருக்கு அல்ல. பெற்றவர்கள் இரண்டு பேர், தாத்தா ஆச்சிமார், பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை. இவ்வளவு பேர் பார்த்தால் போதும்.

வீடியோக்காரரிடம் வேலையைக் கொடுக்கிறவர்கள் காசு பேசும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். வீடியோத் துண்டுகளின் சொந்தச் சத்தத்தை அணைக்கக்கூடாது. ஒரு போட்டோ 3 நொடிக்குக் குறையக்கூடாது. நாங்கள் மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்த வரிசை மாறக்கூடாது. "அதெல்லாம் எடுபடாது சார்" என்று அவர் சொன்னால், பன்னிரண்டு ஃபோல்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சேர்த்து ஒட்டுகிற வேலையை நீங்களே நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

படம் முடிந்தபிறகும் மூலத்துண்டுகளை அழிக்காதீர்கள். பன்னிரண்டு ஃபோல்டரையும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று பிள்ளையின் அம்மா வீட்டில். "போனில் இடமில்லை" என்று அழிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது நீளமான வீடியோவில்தான். பூட்டி பாடியது அதில்தான் இருக்கும்.

கோபம் வந்தவர்கள் கீழே எழுதலாம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் "ஆனா சார்" என்று தொடங்கலாம், பழக்கம்தானே. ஆனால் எழுதுவதற்கு முன்னால், உங்கள் பிள்ளையின் ஆறாம் மாதத்து வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டிவைத்து ஒருமுறை கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.